கட்டைவிரலுக்கு மணி அடிக்க வேண்டாம்: குழுவில் பதிலும் மென்ஷனும் மட்டும் ஒலிக்க

நாற்பது பேர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. ஒருவர் எழுதுகிறார்: "நாளைய கூட்டம் 10 மணிக்கு இல்லை, 11 மணிக்கு." அடுத்த பத்து நிமிடத்தில் அந்தச் செய்திக்கு 22 கட்டைவிரல், 4 கைகூப்பு. இடையில் நான்கு எழுத்துச் செய்திகளும் வருகின்றன. ஒருவர் அறிவிப்பை மேற்கோள் காட்டி, "ஆன்லைனில் சேரலாமா?" என்கிறார். இன்னொருவர் எழுதியவரின் பெயரை @ போட்டு அழைத்து, அறை எது என்று கேட்கிறார். மூன்றாமவர் வெறுமனே "சரி" என்கிறார். நான்காமவர் மேற்கோளும் இல்லாமல் பெயரும் இல்லாமல் "பழைய லிங்க்தானா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

கணக்குப் போட்டால் அறிவிப்பு எழுப்பக்கூடியவை முப்பது. எழுதியவர் பதில் சொல்ல வேண்டியவை மூன்று. முதல் ஐந்தாறு முறை போனை எடுத்துப் பார்ப்பார்; எல்லாம் கட்டைவிரல். ஏழாவது முறை பார்க்க மாட்டார். ஆன்லைனில் சேரலாமா என்ற கேள்வி பெரும்பாலும் அந்த ஏழாவது இடத்தில்தான் இருக்கும்.

முப்பதை மூன்றுக்குப் பக்கத்தில் கொண்டுவர இரண்டு வேலை செய்ய வேண்டும். இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன, வேறு வேறு வேலையைச் செய்கின்றன. ஒன்றைச் செய்துவிட்டு "மாற்றினேன், அப்படியேதான் இருக்கிறது" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

முதல் வேலை ரியாக்‌ஷன் ஸ்விட்சை அணைப்பது. வாட்ஸ்அப்பில் Settings போய் Notifications திறந்தால், தனிச் செய்திகளுக்கு ஒரு பகுதியும் குழுக்களுக்கு ஒரு பகுதியும் இருக்கும். ஆண்ட்ராய்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக இருக்கும். மேலே Messages, கொஞ்சம் இறங்கினால் Groups. இரண்டிலும் தனித்தனியே Reaction notifications என்ற ஸ்விட்ச் உண்டு. மேலே இருப்பதை அணைத்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுவதுதான் வழக்கமான தவறு. அது இருவர் பேசும் தனி அரட்டைக்கு மட்டுமே பொருந்தும். குழுவில் விழும் 22 கட்டைவிரலைக் கட்டுப்படுத்துவது கீழே Groups பகுதியில் இருக்கும் ஸ்விட்ச்.

இப்படி இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது உண்மையில் வசதிதான். தனி அரட்டையில் கட்டைவிரல் பல நேரம் பதிலாகவே இருக்கும். "ஆறு மணிக்கு வரட்டுமா?" என்று கேட்டதற்கு எதிராளி ஒரு 👍 வைத்துவிட்டுப் போய்விட்டால், அதுதான் சம்மதம், அதற்குமேல் அவர் எதுவும் எழுதப் போவதில்லை. அதனால் குழுவுக்கானதை முதலில் அணைத்துவிட்டுத் தனிச் செய்திக்கானதைச் சில நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். தொல்லை பெரும்பாலும் குழுவிலிருந்துதான் வருகிறது. தனி அரட்டையிலும் நச்சரித்தால் அப்புறம் அணைத்துக்கொள்ளலாம்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ரியாக்‌ஷன் அறிவிப்பு, நீங்கள் அனுப்பிய செய்திக்கு வரும் ரியாக்‌ஷனுக்கு மட்டும்தான். வேறொருவர் எழுதியதற்கு நூறு பேர் இதயம் வைத்தாலும் உங்கள் போனில் சத்தம் வராது. ஆகவே குழுவில் அதிகம் எழுதுகிறவர், அறிவிப்பு போடுகிறவர், அட்மின் போன்றவர்களுக்குத்தான் இந்த ஸ்விட்சால் பெரிய மாற்றம் தெரியும். எதுவுமே எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருப்பவர் இதை அணைத்துவிட்டு வித்தியாசம் தெரியவில்லை என்றால், ஸ்விட்சைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தொல்லை தருவது சாதாரணச் செய்திகள். அவருக்குத் தேவை இரண்டாவது வேலை.

அதே Notifications பக்கத்தில் ஸ்டேட்டஸுக்கும் தனிப் பகுதி ஒன்று உண்டு. நீங்கள் போடும் ஸ்டேட்டஸுக்கு வரும் லைக்குகளை மேலே சொன்ன இரண்டு ஸ்விட்சும் தொடாது. அதை அங்கேதான் அணைக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்தால் நம் கணக்கில் முப்பது என்பது நான்காகிவிடும். 26 ரியாக்‌ஷன்கள் சத்தமில்லாமல் செய்தியின் காலடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். குழுவைத் திறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். யார் யார் வைத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் அந்தச் சிறு குமிழைத் தொட்டால் போதும், பட்டியல் வரும். அறிவிப்புதான் நின்றிருக்கிறது, ரியாக்‌ஷன் எங்கும் தொலையவில்லை. அதை வைத்தவருக்கு நீங்கள் அணைத்திருப்பதும் தெரியாது.

இரண்டாவது வேலை குழுவை மியூட் செய்வது. "மியூட் செய்தால் எல்லாமே போய்விடுமே" என்ற பயத்தில் பலர் இதைத் தொடுவதில்லை. வாட்ஸ்அப்பில் மியூட் அப்படி வேலை செய்வதில்லை. மியூட் செய்த குழுவில் யாராவது உங்களை @ போட்டு அழைத்தாலோ, உங்கள் செய்தியை மேற்கோள் காட்டிப் பதில் எழுதினாலோ அறிவிப்பு வரும். மற்றவை ஓசையின்றிச் சேரும். நமக்கு வேண்டியதே அதுதான். குழுவைத் திறந்து, மேலே இருக்கும் பெயரைத் தொட்டு, மியூட் செய்யும்போது எட்டு மணி நேரம், ஒரு வாரம், Always என்று மூன்று கால அளவு கேட்கும். Always என்பதையே தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம் என்று வைத்தவர்கள் எட்டாம் நாள் மறுபடி சத்தம் கேட்டு, செட்டிங் தானாக மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

2025-இல் வாட்ஸ்அப் குழுக்களுக்கு Notify for என்று ஓர் அமைப்பைக் கொண்டுவந்தது. அதில் All, Highlights என்று இரண்டு தெரிவுகள். Highlights என்ற பெயரைப் பார்த்ததும் நாம் தேடியது இதுதான் என்று தோன்றும். ஆனால் அது மென்ஷன், பதில் என்ற இரண்டோடு நிற்பதில்லை. உங்கள் போனில் எண் சேமித்து வைத்திருப்பவர்கள் அனுப்பும் செய்திகளையும் சேர்த்தே ஒலிக்கவிடும். முகம் தெரியாதவர்கள் நிறைந்த பெரிய குழுவில் இது அருமையான வடிகட்டி. நாற்பது பேரில் முப்பத்தெட்டு பேரின் எண் உங்களிடம் இருந்தால் All-க்கும் Highlights-க்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சொந்தக்காரர்கள், நண்பர்கள், அலுவலகச் சகாக்கள் உள்ள குழு என்றால் மியூட்தான் பலன் தரும். முகம் தெரியாதவர்கள் அதிகமாகவும் தெரிந்தவர்கள் சிலராகவும் இருக்கும் குழுவுக்கு Highlights.

மியூட்டும் ஆன பிறகு நான்கு இரண்டாகிவிடும்: மேற்கோள் காட்டி வந்த கேள்வி, @ போட்டு வந்த கேள்வி. "சரி" ஒலிக்கவில்லை, நல்லது. ஆனால் "பழைய லிங்க்தானா?" என்று கேட்டதும் ஒலிக்கவில்லை. இந்த முறைக்குக் கொடுக்கும் விலை அதுதான். தெரிந்தே கொடுக்க வேண்டும்.

ஏன் அது ஒலிக்கவில்லை? ஒரு செய்தி உங்களுக்கான பதிலா என்பதைச் செயலி அதன் பொருளைப் படித்து முடிவு செய்வதில்லை. உங்கள் செய்தியைத் தள்ளியோ, அழுத்திப் பிடித்து Reply தொட்டோ மேற்கோளோடு அனுப்பினால்தான் அது பதில். கீழே சும்மா தட்டச்சு செய்தால், அடுத்த வினாடியே அனுப்பினாலும், உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், அது குழுவுக்கான பொதுச் செய்திதான். மென்ஷனும் அப்படியே. @ அடித்ததும் மேலெழும் பட்டியலிலிருந்து பெயரைத் தொட வேண்டும். அப்போதுதான் பெயர் நிறம் மாறித் தனியாகத் தெரியும். பட்டியலைத் தொடாமல் @ போட்டுப் பெயரைக் கையால் முழுக்க அடித்தால் பார்க்க மென்ஷன் மாதிரி இருக்கும், ஆனால் வெறும் எழுத்து. "@ போட்டுக் கூப்பிட்டேனே, ஏன் பதில் இல்லை?" என்று யாராவது கேட்டால் அந்தச் செய்தியைத் திறந்து பெயர் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

அதனால் மியூட் செய்தவுடன் குழுவில் ஒரு வரி போட்டுவிடுவது நல்லது: "என்னிடம் கேள்வி இருந்தால் என் செய்தியைத் தள்ளி ரிப்ளை செய்யுங்கள், அல்லது @ போடுங்கள். இல்லாவிட்டால் இரவில்தான் பார்ப்பேன்." இதைச் சொல்லாமல் மியூட் செய்தால் நாலு நாளில் "அவர் பார்ப்பதே இல்லை" என்ற பேச்சு வந்துவிடும்.

இனி, எல்லாம் செய்தும் ஒலித்துக்கொண்டே இருந்தால் எங்கே பார்ப்பது?

முதல் சந்தேகம் கணினி மேல். வாட்ஸ்அப்பைப் பிரவுசரிலோ டெஸ்க்டாப் செயலியிலோ திறந்து வைத்திருப்பவர்களுக்கு அங்கே தனி Notifications பக்கம் உண்டு. வாட்ஸ்அப் வெப்பில் செய்திக்கும் குழுவுக்கும் தனித்தனியே Show reaction notifications என்று இருக்கும். போனில் அணைத்தது அங்கே தானாகப் போய்ச் சேராது. போன் அமைதியாக இருக்க, திரையின் மூலையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் காரணம் இதுதான். கடிகாரத்தில் அதிர்வு வந்தால் கடிகாரத்தைக் குடைய வேண்டாம்; பொதுவாக அது போனில் வரும் அறிவிப்பைத்தான் காட்டும், போனில் சரிசெய்தால் அங்கும் நின்றுவிடும். புதுப் போனுக்கு மாறினாலும் செயலியை அழித்து மறுபடி போட்டாலும் இந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

இன்னொரு கோளாறு இதற்கு நேர் எதிரானது, இதைவிட ஆபத்தானதும்கூட. ஆண்ட்ராய்டில் எரிச்சலோடு ஒரு ரியாக்‌ஷன் அறிவிப்பை அழுத்திப் பிடித்தால், அந்த வகை அறிவிப்பையே நிறுத்தும் வசதி வரும். பலர் அதைத் தொட்டுவிடுகிறார்கள். போன் பார்க்கும் "வகை" என்பது ரியாக்‌ஷன் அல்ல. குழு அறிவிப்புகள் முழுவதும் அதில் அடங்கிவிடலாம். அன்றிலிருந்து எந்தக் குழுவின் மென்ஷனும் வராது, பதிலும் வராது. வாட்ஸ்அப்புக்குள் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், ஏனென்றால் அணைத்தது வாட்ஸ்அப்புக்கு வெளியே. தனிச் செய்திகள் ஒழுங்காக ஒலித்து, குழுக்கள் மட்டும் மொத்தமாக ஊமையாகிவிட்டால் போனின் சொந்த Settings-இல் Apps, அதில் WhatsApp, அதில் Notifications என்று போய் Group notifications அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரியாக்‌ஷனைப் போனின் செட்டிங்கில் நிறுத்தப் பார்க்காமல், செயலிக்குள்ளேயே நிறுத்துங்கள். போனுக்குத் தெரிவது ஓர் அறிவிப்பு வந்தது என்பது மட்டும். அது கட்டைவிரலா கேள்வியா என்பது செயலிக்குத்தான் தெரியும். Do Not Disturb, ஐபோனின் Focus இரண்டுக்கும் இதே வரம்பு உண்டு. ஆளை வைத்தும் செயலியை வைத்தும் வடிகட்டும், கட்டைவிரலை வைத்து வடிகட்டத் தெரியாது.

எல்லாம் சரியாக அமைந்ததா என்று சோதிக்க ஐந்து நிமிடம் போதும். குழுவில் உள்ள ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு செய்தி போட்டுவிட்டு, குழுவை விட்டு வெளியே வந்து, போனைப் பூட்டிக் கீழே வையுங்கள். குழு திறந்திருக்கும்போது சோதித்தால் பயனில்லை. கண்முன் இருக்கும் அரட்டைக்கு அறிவிப்பு வராது. கணினியிலும் வாட்ஸ்அப்பை மூடிவிடுங்கள். இப்போது அவர் ஒரு நிமிட இடைவெளியில் நான்கு காரியம் செய்ய வேண்டும்: ஒரு கட்டைவிரல், ஒரு சாதாரணச் செய்தி, உங்கள் செய்தியை மேற்கோள் காட்டி ஒரு பதில், @ போட்டு ஓர் அழைப்பு. முதல் இரண்டும் ஒலிக்காமல் பின்னிரண்டும் ஒலிக்க வேண்டும். கட்டைவிரல் ஒலித்தால் Groups பகுதி ஸ்விட்ச் இன்னும் அணையவில்லை. சாதாரணச் செய்தி ஒலித்தால் மியூட் ஆகவில்லை, அல்லது Highlights வைத்திருக்கிறீர்கள், துணைக்கு வந்தவரின் எண் உங்களிடம் இருக்கிறது. நான்கில் ஒன்றுகூட ஒலிக்காவிட்டால் கோளாறு போனின் பக்கம்.

மற்ற செயலிகளிலும் தேடுவது இதே இரண்டைத்தான், பெயரும் இடமும் மாறும்.

டெலிகிராமில் Settings, Notifications and Sounds போனால் Reactions என்று தனிப் பகுதி இருக்கும். முழுக்க அணைக்கலாம், அல்லது உங்கள் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்கள் வைக்கும் ரியாக்‌ஷனுக்கு மட்டும் ஒலிக்கவிடலாம். இந்த நடுவழி பெரிய குழுக்களில் எழுதுபவர்களுக்கு உதவும். மியூட் செய்த குழுவிலும் மென்ஷனும் பதிலும் எட்டும். பார்க்காத ரியாக்‌ஷன் இருந்தால் அரட்டையில் சிறிய இதயக் குறி நிற்கும். அது அறிவிப்பு அல்ல, ஓசையும் செய்யாது.

டிஸ்கார்டில் பயனர் செட்டிங்கின் Notifications பக்கத்தில் ரியாக்‌ஷன் அறிவிப்புக்கு எல்லாச் செய்திக்கும், நேரடிச் செய்திக்கு மட்டும், ஒருபோதும் வேண்டாம் என்று மூன்று தெரிவுகள் உண்டு. பிறகு ஒவ்வொரு சர்வரின் Notification Settings-இலும் Only @mentions வைக்க வேண்டும். அதோடு நின்றால் @everyone, @here போட்டு யார் கூவினாலும் ஒலிக்கும். பக்கத்திலேயே இருக்கும் Suppress @everyone and @here-ஐயும் சேர்த்து ஆன் செய்யுங்கள். டிஸ்கார்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. பதில் எழுதும் பெட்டிக்கு மேல் @ ON என்று சிறிதாக ஒன்று தெரியும். பதில் எழுதுபவர் அதைத் தொட்டு OFF செய்துவிட்டால் அந்தப் பதில் உங்களுக்கு ஒலிக்காது. மேற்கோள் இருந்தும் சத்தம் வரவில்லை என்றால் உங்கள் செட்டிங் சரிதான், அனுப்பியவர் நாசூக்காக நடந்துகொண்டிருக்கிறார்.

டீம்ஸில் Settings-இன் Notifications and activity பக்கத்தில் Likes & reactions என்ற வரியைத் தேடுங்கள். அங்கே திரையில் எழும் பேனரை மட்டும் நிறுத்திவிட்டு Activity பட்டியலில் சேரும்படி விடலாம் என்றால் அதையே தேர்ந்தெடுப்பது மேல். அலுவலகத்தில் ரியாக்‌ஷனே ஒப்புதலாக இருக்கும் இடங்கள் உண்டு. சத்தமில்லாமல் ஒரு பட்டியலில் இருப்பது பின்னால் தேடும்போது உதவும். ஸ்லாக்கில் ரியாக்‌ஷன்கள் Activity பகுதியில் போய்ச் சேர்கின்றன. அங்கே மெனக்கெட வேண்டியது மென்ஷன் பக்கம்தான். உங்கள் பெயரையே கீவேர்டாகக் கொடுத்துவிட்டால் @ போடாமல் பெயரை எழுதினாலும் ஒலிக்கும். ஆனால் தமிழில் பேசும் குழுவில் இது பாதிதான் உதவும். கீவேர்டு முழுச் சொல்லாகப் பொருந்த வேண்டும். நம் மொழியில் பெயர் தனியாக நிற்பது அபூர்வம். "குமார்" என்று கொடுத்தால் "குமாருக்கு", "குமார்கிட்ட", "குமாரை" எல்லாம் வேறு சொற்கள். அடிக்கடி வரும் வடிவங்கள் மூன்று நான்கைக் காற்புள்ளி இட்டுச் சேர்த்துக் கொடுங்கள்.

ஐபோனின் மெசேஜஸில் ரியாக்‌ஷனுக்கென்று தனி ஸ்விட்ச் கிடையாது. அந்தக் குழுவில் Hide Alerts போட்டுவிட்டு, மெசேஜஸ் செட்டிங்கில் மென்ஷனுக்கான Notify Me ஆன் ஆக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறைத்த அரட்டையிலும் உங்கள் பெயர் சொல்லி அழைத்தால் ஒலிக்கும். வாட்ஸ்அப் அளவுக்கு நுணுக்கம் இல்லை, இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

கடைசியாக, ரியாக்‌ஷனை அணைத்தவர் கேள்வி கேட்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். "வருபவர்கள் 👍 போடுங்கள்" என்று எழுதிவிட்டு அறிவிப்பையும் அணைத்து வைத்தால், பதில்கள் வந்து குவிந்திருப்பது குழுவைத் திறக்கும்வரை தெரியாது. தலை எண்ணுவதற்கு வாக்கெடுப்பு வசதியைப் பயன்படுத்துங்கள். எத்தனை பேர், யார் யார் என்று ஒரே இடத்தில் நிற்கும், கெடு நேரம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். உடனே தெரிந்தாக வேண்டிய விஷயம் என்றால் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள்: "வர முடியாதவர்கள் மட்டும் இந்தச் செய்திக்கு ரிப்ளை செய்யுங்கள்." நாற்பது பேரில் வர முடியாதவர் மூவர் என்றால் போன் மூன்று முறை ஒலிக்கும், மூன்றும் எடுத்துப் பார்க்க வேண்டியவை.